கீழடுக்கின் பங்கு எவ்வளவு? ஈரடுக்குக் கட்டடத்தின் அதிர்வெண்களும் அதிர்வு வடிவங்களும்

2001 ஜனவரி 26, குடியரசு நாள், காலை 8.46. குஜராத்தின் கச்சுப் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. மையத்திலிருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தொலைவிலும் அந்நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல நொறுங்கின. விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அடையாளம் இருந்தது. தரைத்தளத்தில் சுவர் கிடையாது, கார் நிறுத்தத் தூண்கள் மட்டுமே நின்றன. அதற்கு மேலே ஒவ்வொரு வீடும் செங்கல் சுவரால் அடைபட்டிருந்தது. இடிபாடுகளில் மேல்மாடிகள் பல அதிகம் சிதையாமல் அப்படியே கீழே வந்து உட்கார்ந்திருந்தன. நசுங்கியது கீழடுக்கு.

சாபர்மதி ஆற்றின் வண்டல் மண் அதிர்ச்சியைப் பெருக்கியது, கம்பி கட்டியதில் குறை இருந்தது என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவை உண்மைதான். ஆனால் மண்ணும் கம்பியும் எப்படியிருந்தாலும் சேதம் ஏன் ஒரே அடுக்கில் குவிகிறது என்ற கேள்வி தனியே நிற்கிறது. அதற்கு விடை காணப் பெரிய கணினி தேவையில்லை. இரண்டே அடுக்கு கொண்ட ஒரு மாதிரிக் கட்டடமும் ஓர் இருபடிச் சமன்பாடும் போதும். இந்த அறக்கட்டளைப் பொழிவு எடுத்துக்கொள்வது அந்த ஒரு கணக்கைத்தான்.

பொறியாளர்கள் ‘ஷியர் கட்டடம்’ என்று சொல்வது ஓர் எளிமைப்படுத்தல். தளங்களும் உத்தரங்களும் வளையவே வளையாது என்று கொள்ளப்படும். தூண்கள் நீளவோ குறுகவோ செய்யா. எடை முழுவதும் தளமட்டத்தில் திரண்டிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு தளமும் கிடைமட்டமாக முன்னும் பின்னும் நகர மட்டுமே முடியும், சாயாது, சுழலாது. முதல் தளம் எவ்வளவு நகர்ந்தது, மொட்டைமாடி எவ்வளவு நகர்ந்தது என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் கட்டடத்தின் முழு நிலையும் தெரிந்துவிடும். ஆகவேதான் இதற்கு இரண்டு சுதந்திர இயக்கக்கூறுகள் உண்டு என்கிறோம்.

இனி ஒரு கட்டடத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். 30 சென்டிமீட்டர் சதுரத் தூண்கள் பன்னிரண்டு. ஒவ்வோர் அடுக்கும் 3 மீட்டர் உயரம். கான்கிரீட் எம்25 தரம். இந்தியத் தரநிலையின்படி அதன் மீட்சிக் குணகம் 25,000 மெகாபாஸ்கல். இருமுனையும் திரும்பாமல் பிடிக்கப்பட்ட ஒரு தூணின் பக்கவாட்டு விறைப்பு 12EI/h³. எண்களைப் போட்டால் 7,500 கிலோநியூட்டன்/மீட்டர் வருகிறது. அதாவது தூணின் தலையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த 7.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ முக்கால் டன் விசை வேண்டும். பன்னிரண்டு தூணுக்கும் சேர்த்து அடுக்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 90 கிலோநியூட்டன். ஒவ்வொரு தளத்தின் நிறையும் 90 டன் என்று கொள்வோம். சதுரமீட்டருக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்பது நம் ஊர்க் கட்டடங்களுக்குப் பொருந்தும் அளவே.

இந்தக் கட்டடத்தை இழுத்து விட்டால் எப்படி ஆடும்? பொதுவாகக் குழப்பமாகத்தான் ஆடும். ஆனால் இரண்டே இரண்டு விதங்களில் மட்டும் ஒழுங்காக ஆடும்: இரு தளங்களும் ஒரே அலைவு நேரத்தில், ஒரே கணத்தில் நடுநிலையைக் கடந்து, தங்கள் நகர்வுகளின் விகிதம் மாறாமல் ஆடுவது. அந்த மாறாத விகிதமே அதிர்வு வடிவம். அப்போது ஆடும் வேகம் இயல் அதிர்வெண். எந்தக் குழப்பமான ஆட்டமும் இந்த இரண்டின் கலவையாகவே இருக்கும்.

மொட்டைமாடித் தளத்தை எடுத்துக்கொண்டால், அதை இழுப்பது மேலடுக்குத் தூண்கள் மட்டும். முதல் தளத்தைக் கீழிருந்து கீழடுக்குத் தூண்களும் மேலிருந்து மேலடுக்குத் தூண்களும் இழுக்கின்றன. இரண்டு வரிகளில் எழுதினால்:

k₂(u₂ − u₁) = mω²u₂
k₁u₁ − k₂(u₂ − u₁) = mω²u₁

இங்கேதான் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். விறைப்பு அணியின் முதல் இடத்தில் k₁ + k₂ வரவேண்டும். முதல் தளம் இரண்டு அடுக்குகளுக்கும் பொது. அங்கே k₁ மட்டும் எழுதிவிட்டால் விடை தவறாகிவிடும். மேலடுக்கின் விறைப்பு கீழடுக்கினதைப் போல r மடங்கு என்றும், λ = mω²/k₁ என்றும் வைத்துக்கொண்டால் இரண்டு வரிகளும் சேர்ந்து ஒரு சமன்பாடாகின்றன:

λ² − (1 + 2r)λ + r = 0

நம் கட்டடத்தில் சுவரே இல்லை, தூண்கள் மட்டும்; r = 1. சமன்பாடு λ² − 3λ + 1 = 0. விடைகள் 0.382, 2.618. சரிபார்க்க எளிய வழி உண்டு: இரண்டையும் கூட்டினால் 3, பெருக்கினால் 1 வரவேண்டும், வருகிறது. இந்த எண்களுக்கு ω² = 382, 2618. வர்க்கமூலம் எடுத்து 2π-ஆல் வகுத்தால் முதல் அதிர்வெண் 3.11 ஹெர்ட்ஸ், இரண்டாவது 8.14 ஹெர்ட்ஸ். முதல் வடிவத்தில் கட்டடம் ஒரு முறை போய்வர 0.32 வினாடி எடுக்கும்.

வடிவங்களைப் பார்ப்போம். முதல் வடிவத்தில் முதல் தளம் 1 நகர்ந்தால் மொட்டைமாடி அதே பக்கம் 1.618 நகர்கிறது. இரண்டாம் வடிவத்தில் முதல் தளம் 1 நகரும்போது மொட்டைமாடி எதிர்ப்பக்கம் 0.618 நகர்கிறது. பிபனாச்சி எண்களின் விகிதம் நெருங்கும் அதே பொன்விகிதம் இது. சம நிறையும் சம விறைப்பும் கொண்ட எந்த ஈரடுக்கிலும் இது வந்தே தீரும். ஒரு சாதாரண வீட்டின் தூண்களுக்குள் இப்படியோர் எண் ஒளிந்திருப்பது மகிழ்ச்சி தரும் செய்திதான். அதைவிடப் பயனுள்ளது, 1 × 1 − 1.618 × 0.618 = 0 என்பது. நிறைகள் சமமாக இருக்கையில் இரு வடிவங்களையும் இப்படிப் பெருக்கிக் கூட்டினால் சுழி வரவேண்டும். நிறைகள் வேறுபட்டால் ஒவ்வோர் உறுப்பையும் அதன் நிறையாலும் பெருக்க வேண்டும். வடிவத்தில் குறியைத் தவறவிட்டவர் இந்தச் சோதனையில் அகப்படுவார்.

இரண்டாம் வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தரை ஆடும்போது கட்டடத்தின் மொத்த நிறையில் 94.7 சதவீதம் முதல் வடிவத்தோடு சேர்ந்து ஆடுகிறது; இரண்டாவதற்கு மிஞ்சுவது 5.3 சதவீதம். மேல்தளமும் கீழ்த்தளமும் எதிரெதிராக ஓடுவதால், தரை தள்ளும் தள்ளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே இனி முதல் வடிவத்தையே பின்தொடர்வோம்.

அந்த வடிவத்தில் மொட்டைமாடியின் மொத்த நகர்வு 1.618. இதில் கீழடுக்குத் தூண்கள் வளைந்து கொடுத்தது 1, மேலடுக்கு கொடுத்தது 0.618. அதாவது 62-க்கு 38. சுமையும் உழைப்பும் ஓரளவு பங்கிடப்படுகின்றன. நல்ல கட்டடத்தின் அடையாளம் இது.

இப்போது இரண்டு அடுக்குகளிலும் செங்கல் சுவர் எழுப்புவோம். தூண்களுக்கிடையே இறுகக் கட்டிய செங்கல் சுவர், பக்கவாட்டுத் தள்ளலுக்கு மூலைவிட்டத் தாங்குகட்டை போல நின்று கொடுக்கும். அடுக்கின் விறைப்பு பத்து மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் √10 மடங்கு கூடி 9.83 ஹெர்ட்ஸ் ஆகிறது. வடிவமோ துளியும் மாறவில்லை. அதே 1, அதே 1.618. ஏனென்றால் r இன்னும் 1 தான். அதிர்வெண் விறைப்பின் அளவைப் பொறுத்தது. வடிவம் பொறுத்திருப்பது விறைப்புகளின் விகிதத்தை மட்டுமே.

மூன்றாவதாக, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கீழடுக்குச் சுவர்களை எடுத்துவிடுவோம். மேலே சுவர் இருக்கிறது. நம் ஊரில் ஸ்டில்ட் என்று சொல்லும் கட்டடம் இதுவே. r = 10. சமன்பாடு λ² − 21λ + 10 = 0. சிறிய விடை 0.4875. அதிர்வெண் 3.51 ஹெர்ட்ஸ். முதல் தளம் 1 நகர்ந்தால் மொட்டைமாடி 1.051 நகர்கிறது.

இந்த 1.051 என்ற எண்ணில் அகமதாபாத் இருக்கிறது. மொத்த நகர்வில் 95 சதவீதம் கீழடுக்கிலேயே நடக்கிறது. மேலடுக்கின் பங்கு 5 சதவீதம். வளைந்த தூண்களில் தேங்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவு. சுவரே இல்லாத கட்டடத்தில் ஆற்றலின் 72 சதவீதம் கீழடுக்கிலும் 28 சதவீதம் மேலடுக்கிலும் இருந்தது. ஸ்டில்ட் கட்டடத்தில் கீழடுக்கு 97 சதவீதத்துக்கும் மேல் சுமக்கிறது. மேலடுக்கு ஒரே பாளமாகச் சவாரி செய்கிறது.

அதிர்வெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது என்பதுதான் இந்தப் பொழிவின் மையக் கருத்து. சுவரில்லாக் கட்டடத்துக்கு 3.11, ஸ்டில்டுக்கு 3.51. பதின்மூன்று சதவீத வேறுபாடு. அதுவும் விறைப்பு கூடிய பக்கம். இந்திய நிலநடுக்கத் தரநிலையான ஐ.எஸ். 1893 தரும் நிறமாலை வரைபடத்தில் 0.1 வினாடியிலிருந்து 0.4 வினாடி வரை கோடு தட்டையாகப் போகிறது. மூன்று கட்டடங்களின் அலைவு நேரங்களும் 0.10, 0.28, 0.32 வினாடி, மூன்றும் அந்தத் தட்டைக்குள்ளேயே விழுகின்றன. ஆகவே மூன்றுக்கும் கணக்கிடப்படும் முடுக்கம் ஒன்றே. அகமதாபாத்தும் சென்னையும் இருக்கும் மூன்றாம் மண்டலத்துக்கு, பெரிய நிலநடுக்கத்தின்போது அது புவியீர்ப்பில் 0.4 பங்கு.

அந்த முடுக்கத்தை முதல் வடிவத்தில் செலுத்திப் பார்ப்போம். சுவரில்லாக் கட்டடத்தின் மொட்டைமாடி 12 மில்லிமீட்டர் நகரும். ஸ்டில்ட் கட்டடத்தின் மொட்டைமாடி 8.2 மில்லிமீட்டர் மட்டுமே. மேலே நின்று பார்ப்பவருக்குக் கட்டடம் முன்னைவிட உறுதியாகிவிட்டதாகவே தோன்றும். கீழடுக்கைப் பிரித்துப் பார்த்தால், முன்னதில் 7.4, பின்னதில் 7.8 மில்லிமீட்டர். கீழடுக்கின் சுமை குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. அதைப் பங்கிட்டுக்கொண்ட மேலடுக்குதான் விலகிக்கொண்டது.

இரண்டு அடுக்கிலும் சுவர் இருந்த கட்டடத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு கூர்மையாகிறது. அங்கே கீழடுக்கு முக்கால் மில்லிமீட்டர் கூட நகரவில்லை. அடிமட்ட விசை 669 கிலோநியூட்டன். அதில் பத்தில் ஒன்பது பங்கைச் சுவர் எடுத்துக்கொள்கிறது. ஒரு தூணுக்கு வருவது 5.6 கிலோநியூட்டன்தான். சுவரை எடுத்ததும் அடிமட்ட விசை 706 ஆகிறது, பெரிய மாற்றமில்லை. ஆனால் அது முழுவதும் தூண்கள் மேல் விழுகிறது: ஒன்றுக்கு 59 கிலோநியூட்டன். தூணின் தலையிலும் அடியிலும் 88 கிலோநியூட்டன்-மீட்டர் வளைவுத் திருப்புத்திறன். செங்குத்துச் சுமையை மட்டும் மனத்தில் வைத்துக் கம்பி போட்ட 30 சென்டிமீட்டர்த் தூண் அந்த இடத்தில் விரிசல் விட்டு, கம்பி இளகத் தொடங்கும்.

அதன் பிறகு நடப்பதையும் இதே சமன்பாடு சொல்கிறது. விரிசலால் கீழடுக்கின் விறைப்பு பாதியாகிறது என்று கொண்டால் r = 20. விகிதம் 1.025 ஆகிறது, கீழடுக்கின் பங்கு 97.5 சதவீதம். சேதம் எங்கே விழுந்ததோ அங்கேயே அடுத்த சேதத்தையும் வடிவம் இழுத்துக்கொண்டு வருகிறது. உண்மையில் கம்பி இளகிய பின் இந்த நேர்கோட்டுக் கணக்கு செல்லாது. ஆனால் திசை எதுவென்று அது சரியாகவே காட்டிவிடுகிறது.

வடிவமைப்பு அலுவலகங்களில் இந்தத் தவறு எப்படி நுழைகிறது? கணினியில் தூணும் உத்தரமும் தளமும் வரைகிறார்கள். சுவரைச் சுவராக வரைவதில்லை. உத்தரத்தின் மேல் ஓர் எடையாக மட்டும் ஏற்றுகிறார்கள். அதனால் கணினி தீர்ப்பது முதல் கட்டடத்தை, r = 1 என்பதை. கட்டுவது மூன்றாவதை, r = 10 என்பதை. அதிர்வெண் அதிகம் மாறாததால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அறிக்கையில் 62-க்கு 38 என்று இருக்கும் பங்கு, களத்தில் 95-க்கு 5 ஆக நிற்கிறது.

கச்சு நிலநடுக்கத்துக்குப் பிறகு 2002-இல் வந்த ஐ.எஸ். 1893 இதைக் கடுமையாகவே எடுத்துக்கொண்டது. மேலடுக்கின் விறைப்பில் 70 சதவீதத்துக்கும் குறைந்த அடுக்கை மென்மையான அடுக்கு என்றது. அதன் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கில் வந்த விசைபோல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. நம் ஸ்டில்ட் கட்டடத்தில் அந்த விகிதம் 10 சதவீதம். அதே ஆண்டுத் திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

மாற்றுவழி சிரமமானதல்ல. கார்கள் போகவர இடம் விட்டு, கீழடுக்கின் சில இடைவெளிகளில் மட்டும் கான்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குக் கம்பமோ கொடுத்து k₁-ஐ ஐந்து மடங்காக்கினால் r = 2. சமன்பாடு λ² − 5λ + 2 = 0; விகிதம் 1.28. கீழடுக்கின் பங்கு 95-இலிருந்து 78 சதவீதத்துக்கு இறங்குகிறது. கீழடுக்கின் நகர்வும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிறது. ஆனால் அந்தச் சுவர்களை ஒரே ஓரத்தில் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். தளம் சுழலாது என்ற நம் எடுகோள் அங்கே உடைந்துபோகும். இந்த இரண்டு எண் கணக்கு அந்த முறுக்கத்தைக் காட்டவே காட்டாது.

வேறு எல்லைகளும் உண்டு. உத்தரம் உண்மையில் வளையும். ஆகவே தூணின் விறைப்பு 12EI/h³-ஐவிடக் குறைவாகவே இருக்கும். தூணும் முன்கூட்டியே சற்று விரிந்திருக்கும்; 2016 திருத்தம் தூணுக்கு 0.7 பங்கு, உத்தரத்துக்கு 0.35 பங்கு நிலைமத் திருப்புத்திறனை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தூணுக்கு 0.7 என்று போட்டால் சுவரில்லாக் கட்டடத்தின் அதிர்வெண் 3.11-இலிருந்து 2.60 ஹெர்ட்ஸாக இறங்கும். வடிவம் மாறாது, எல்லாத் தூணும் ஒரே விகிதத்தில் குறைவதால்.

கணினி இல்லாத இடத்தில் விடையைச் சோதிக்க ராலே பிரபு ஒரு முறை விட்டுச் சென்றிருக்கிறார். ஒலியியல் பற்றிய அவருடைய பெருநூல் 1877-இல் வெளிவரத் தொடங்கியது. வடிவத்தைத் தோராயமாக ஊகித்து, வளைவில் தேங்கும் ஆற்றலை அசைவின் ஆற்றலோடு சமன்செய்வது அந்த முறை. முதல் கட்டடத்துக்கு 1, 2 என்று ஊகித்தால் λ = (1 + 1)/(1 + 4) = 0.4. உண்மை 0.382. அதிர்வெண்ணில் பிழை இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் எப்போதும் கூடுதல் பக்கமே விழும். வடிவம் ஓரளவு தப்பாக இருந்தாலும் அதிர்வெண் நன்றாக வந்துவிடும் என்பது இந்த முறையின் அழகு. அதிலேயே நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: அதிர்வெண் சரியாக வந்தது என்பதால் வடிவமும் சரியாகிவிடாது.

கட்டி முடித்த வீட்டிலும் வடிவத்தை அளக்கலாம். முதல் தளத்தில் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று என இரண்டு முடுக்கமானிகள் போதும். காற்றாலும் தெருப் போக்குவரத்தாலும் கட்டடம் எப்போதும் நுண்ணியதாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவில் முதல் உச்சம் தெரியும் அதிர்வெண்ணில் இரண்டு அளவுகளின் விகிதத்தை எடுக்க வேண்டும். 1.6 அருகே வந்தால் பங்கீடு நன்று. 1.05, 1.1 என்று ஒன்றை ஒட்டி வந்தால் கீழடுக்கு தனியாகச் சுமக்கிறது என்று பொருள். இந்த நுண்ணதிர்வில் சுவர்கள் விரிசலின்றி முழு விறைப்போடு இருக்கும். ஆகவே கிடைக்கும் அதிர்வெண்ணை நிலநடுக்கத்தின்போது இருக்கப்போகும் அதிர்வெண்ணாகக் கொள்ளக் கூடாது. மண் இளகியதாக இருந்தால் கட்டடம் முழுவதும் அடியோடு சாய்ந்தாடுவதும் விகிதத்தில் கலந்துவிடும். அதை அடித்தளத்தில் செங்குத்தாக வைத்த கருவிகளால் பிரித்தறிய வேண்டும்.

வடிவமைப்புப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையில் அதிர்வெண்ணும் அலைவு நேரமும் எழுதுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் முதல் அதிர்வு வடிவத்தையும், சுவர்களைச் சுவராகவே கணக்கில் சேர்த்து, ஒவ்வோர் அடுக்கின் பங்காக எழுதுங்கள். ஸ்டில்ட் மேல் வீடு வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலோடு அந்த எண்களையும் கேட்டு வாங்கட்டும்.